ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்த கையெழுத்து

அப்பா இறந்த பிறகு, மைசூர் அக்ரஹாரத்து வீட்டை அப்பா தனக்கே எழுதிவைத்துவிட்டார் என்று சித்தப்பா ஒரு உயிலைக் காட்டினார். அதில் இருந்தது அப்பாவின் கையெழுத்தேதான் என்று நானும் நம்பினேன். அம்மாதான் வழக்குப் போடச் சொன்னாள்.

நீதிமன்றத்தில் கையெழுத்து நிபுணர், அப்பாவின் பழைய வீட்டு வரி விண்ணப்பத்துக் கையெழுத்தின் படத்தை உயில் கையெழுத்தின் படத்தின் மேல் வைத்தார். இரண்டும் இம்மி பிசகாமல் ஒன்றாகிவிட்டன.

"அப்படியானால் அவர் போட்டதுதானே?" என்றார் சித்தப்பாவின் வக்கீல்.

"எந்த மனுஷனும் இரண்டு தடவை இப்படி அச்சாகப் போட முடியாது. இது பழைய கையெழுத்தின் மேல் தாளை வைத்து வரைந்தது. மைக்கு அடியில் பென்சில் கோடு தெரிகிறது. பேனா அங்கங்கே நின்று நின்று போயிருக்கிறது" என்றார் நிபுணர்.

நிபுணர் கருத்து மட்டும் போதாதென்று, உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவரை எங்கள் வக்கீல் குறுக்கு விசாரணை செய்தார். அப்பாவின் காரியம் முடிந்த பிறகே தான் கையெழுத்திட்டதாக அவர் ஒப்புக்கொண்டார். உயில் செல்லாது என்று தீர்ப்பாயிற்று.

வெளியே வந்ததும் சித்தப்பா என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "வரையறப்போ அண்ணா பக்கத்துலயே நிக்கிற மாதிரி இருந்துதும்மா."

நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.