சன்னலுக்குக் கீழே சிவப்பு

எங்க வீட்டுக்காரருக்கு இந்தத் தெருவுல 'இன்னொருதரம்'னு பேர். போட்டோவைத் திருத்தி முடிச்சு, பிரிண்ட் எடுக்கப் போற நேரத்துல "இரு, இன்னொரு தரம் பார்த்துடறேன்"னு உட்கார்ந்துடுவார். கவுண்டர்ல நிக்கிறவங்க முகம் சுருங்கும். வாங்கிக் கட்டிக்கிறது நான்தான். எங்க ஸ்டூடியோ முன்னறையில பாஸ்போர்ட் போட்டோ எடுக்கிறது என் வேலை, பின்னறையில கம்ப்யூட்டர் முன்னாடி கூனிக் குறுகி உட்கார்றது அவர் வேலை. இருபது வருஷமா இப்படித்தான் குடும்பம் ஓடுது.

அப்படிப்பட்ட மனுஷன் ஒரே ஒரு தடவை இன்னொரு தரம் பார்க்காம விட்டார். அதுவும் கூடப்பிறந்த தங்கச்சிக்காக. அதைத்தான் சொல்லப் போறேன்.

என் நாத்தனார் ஆபீஸ் வேலையை விட்டுட்டுப் பூக்கடை வைக்கிறேன்னு கிளம்பினா. கிடைச்ச இடம் ஒரு சந்துக்குள்ள, கட்டடத்தோட கீழ்த்தளம். முன்னாடி அங்க சாப்பாட்டுக் கடை இருந்தது. 'உணவகம்'னு சிவப்பு நியான் எழுத்து இன்னும் சுவத்துல தொங்குது, சுவிட்சைப் போட்டா எரியவும் செய்யுது. அந்த இடத்துல 'பூக்கடை'ன்னு சிவப்புல எரியணும், அப்பதான் பெரிய ரோட்டுல போறவங்க கண்ணுல படும். எழுத்து இல்லேன்னா அந்தச் சந்துல கடை இருக்கிறது கடைக்காரிக்கே தெரியாது.

சிக்கல் மேல் வீட்டுல இருந்தது. எழுத்துக்கு நேர் மேல ஒரு சன்னல். உள்ள ஒரு வாட்ச் ரிப்பேர்காரர், தொழிலை விட்டாச்சு, தனி ஆள், எட்டு மணிக்குப் படுத்துடுவார். உணவகம் எரிஞ்ச வரைக்கும் அவர் அறையோட கூரை ராத்திரி பூரா செவசெவன்னு இருந்திருக்கு. கட்டட ஓனர் கறாரா சொல்லிட்டார்: "புது எழுத்து எரிஞ்சா எப்படி இருக்கும்னு போட்டோ கொண்டு வாங்க. பெரியவர் சரின்னா போர்டு. இல்லேன்னா கிடையாது."

இவர் ஒரு சாயங்காலம் போய் ஸ்டாண்டுல கேமராவை மாட்டி, எழுத்து எரியும்போது ஒண்ணு, அணைச்சுட்டு ஒண்ணு, கேமராவை இம்மிகூட அசைக்காம எடுத்துட்டு வந்தார். எரியறதுல இருந்து அணைஞ்சதைக் கழிச்சா மிச்சம் என்ன? அந்த எழுத்து சுவத்துக்குக் கொடுத்த வெளிச்சம் மட்டும். அதை அளவுகோலா வச்சுக்கிட்டார்.

போட்டோவுல பழைய நியான் குழாய்களை அழிச்சுட்டுப் புது எழுத்தைக் குழாய் கனத்துலயே வளைச்சு வரைஞ்சார். ஒரு எழுத்துல இருந்து அடுத்ததுக்குப் போற துண்டு குழாயைக் கறுப்படிச்சு மறைப்பாங்களே, அதைக்கூட விடலை. குழாயோட நடுப்பகுதி கேமராவுக்குக் கிட்டத்தட்ட வெள்ளையாத்தான் தெரியும், ஓரத்துலதான் சிவப்பு. அதைச் சுத்தி ஒட்டினாப்ல ஒரு பிரகாசம், அதுக்கு வெளியே அகலமா மங்கலா இன்னொண்ணு.

"இது வரைக்கும் எவனும் செய்வான்"னார். "சுவர்தான் கஷ்டம். சிவப்பு பெயிண்ட்டைப் பூசின மாதிரி இருக்கக் கூடாது. சுவத்தோட கீறல், பொரிப்பொரியா இருக்கிற சிமெண்டு, எல்லாம் அந்த வெளிச்சத்துல தெரியணும். பாரு, இது பழைய பாசிப்பச்சைச் சுவர். பச்சை சிவப்பை முழுங்கிடும். அதனால இங்க சிவப்பு பளிச்சுன்னு வராது, மங்கின காவியாத்தான் வரும்."

எழுத்தை ரெண்டடி கீழே இறக்கினார். அஞ்செழுத்து போய் நாலாச்சு, குழாயும் குறைஞ்சது, வெளிச்சத்தையும் அதுக்கேத்த மாதிரி குறைச்சார். சுவத்தோரமா போற தண்ணிக் குழாய்ல எழுத்தைப் பார்த்த பக்கம் மெல்லிசா ஒரு சிவப்புக் கோடு இழுத்தார். எல்லாம் முடிஞ்சப்போ சிவப்பு சன்னலுக்கு ஒரு சாண் கீழே வந்து நின்னுது.

நாத்தனார் பார்த்தா. முகம் போன போக்கைப் பார்க்கணுமே!

"அண்ணா, ஒரு சாண்தானா? அவர் சன்னலைத் தொட்ட மாதிரியே இருக்குன்னுவார். இன்னும் கொஞ்சம் இறக்கேன்."

"இருக்கிறது இதான்மா."

"போட்டோதானே அண்ணா! நான் வேலையை விட்டுட்டு வந்து நிக்கிறேன். போர்டு இல்லேன்னா நான் யாருக்குப் பூ விக்கிறது, கொசுவுக்கா?" கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு வந்துடுச்சு.

தங்கச்சி அழுதா இவருக்குத் தாங்காது. மவுஸால நாலு தேய்ப்புத் தேய்ச்சு, சுவத்து வெளிச்சத்தை எழுத்தைச் சுத்தி ஒரு முழத்துக்குள்ள அடக்கிட்டார். "இன்னொரு தரம் பார்க்கலையாங்க?"ன்னு கேட்டேன். தலையைத் தூக்காம எழுந்து போயிட்டார். வெட்கம்னு எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சும் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தது நான்தான். எனக்கும் அதுல பங்கு உண்டு.

மறுநாள் நாங்க மூணு பேரும், ஓனரும் மேல் வீட்டுக்குப் போனோம். பெரியவர் கண்ணுல வாட்ச் ரிப்பேர் லென்ஸை மாட்டிக்கிட்டு, போட்டோவை வாட்ச் மாதிரியே உள்ளங்கையில வச்சுப் பார்த்தார்.

"ஏம்ப்பா, சுவத்துல இல்லாத சிவப்பு, சன்னல் பக்கத்துத் தண்ணிக் குழாய்ல மட்டும் எப்படி வந்துச்சு?"

சுவத்தைத் தேய்ச்சவர் குழாய்ல இருந்த கோட்டை அப்படியே விட்டுட்டார்! கையும் களவுமா மாட்டிக்கிட்டோம். இவர் திருதிருன்னு முழிச்சார்.

"பூக்கடைக்காரியாச்சே, முதல் பூவை என் காதுலயே சுத்தலாம்னு வந்தீங்களா?"ன்னார் பெரியவர்.

நாத்தனார் என் கையைப் பிடிச்ச பிடியில வளையல் நெளிஞ்சுது. இவர் பையில கையை விட்டார். முதல்ல செஞ்ச ஒரு சாண் போட்டோவையும் எடுத்துட்டு வந்திருக்கார், என்கிட்டகூடச் சொல்லலை! "ஐயா, அது பொய். நான்தான் செஞ்சேன். இதுதான் நிஜம்"னு நீட்டினார்.

பெரியவர் அதையும் லென்ஸ்ல பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் பேனாவை எடுத்து, சிவப்பு முடியற இடத்துல ஒரு கோடு போட்டார். "இந்தக் கோட்டுக்கு மேல வெளிச்சம் வந்தா அன்னைக்கே போர்டு இறங்கணும். சம்மதமா?"

சம்மதம்னு ஓனர் முன்னாடி அண்ணனும் தங்கச்சியும் கையெழுத்துப் போட்டாங்க. வீட்டுக்கு வர்ற வழியில நாத்தனார் சிரிச்சா, அழுதா, மறுபடி சிரிச்சா.

நியான் கண்ணாடிக் குழாய் வளைக்கிறவர் எழுத்தைச் செஞ்சு, சொன்ன உயரத்துலயே மாட்டிட்டார். கடை திறக்கிற நாளும் வந்தது. பொழுது சாயற நேரம், நானும் இவரும் சந்து முனையில திரும்பினோம். இவர் அப்படியே நின்னுட்டார்.

சுவர் வெள்ளை வெளேர்னு இருந்தது.

"எப்படிண்ணா இருக்கு?"ன்னு ஓடி வந்தா நாத்தனார். "பாசி பிடிச்ச மாதிரி இருந்துதா, நேத்து ஆள் வச்சு அடிச்சுட்டேன். சன்னல் மேல இருக்கிற மழைத்தடுப்புக்கு அடியிலகூட வெள்ளை. உங்களுக்குச் சொல்லாம வச்சிருந்தேன்!"

"அடிப்பாவி"ன்னேன் நான்.

சுவிட்சைப் போட்டாங்க. பூக்கடை எரிஞ்சுது. பச்சைச் சுவர் முழுங்கியிருக்க வேண்டிய சிவப்பை வெள்ளைச் சுவர் அப்படியே திருப்பிக் கொடுத்தது. சன்னலைத் தாண்டி, மழைத்தடுப்போட அடியில பட்டு, அங்கிருந்து உள்ள இறங்குது. மேல் வீட்டுக் கூரை பழையபடி செவசெவன்னு ஆச்சு.

சன்னல் திறந்தது. பெரியவர் கையில அந்தப் போட்டோ.

"என்னப்பா இது?"

"ஐயா, சுவர் நிறம் மாறிடுச்சு. நான் செஞ்சது பச்சைச் சுவத்துக்கு. வெள்ளை..."

"அந்தப் பொய் போட்டோவுக்கும் நீ ஒரு கதை வச்சிருந்திருப்பே. நான்தான் கேட்கலை. போர்டை இறக்கு."

பொய் சொல்லி மாட்டின வாய்க்கு உண்மையைச் சொன்னாலும் மரியாதை இல்லைன்னு அன்னைக்குத்தான் பார்த்தேன். எனக்கு வந்த ஆத்திரம், நாத்தனார் மேல பாதி, இவர் மேல பாதி, பிரிண்ட் எடுத்துக் கொடுத்த என் கை மேலயும் கொஞ்சம். அவ வாசல்ல, பூ வாளிகளுக்கு நடுவுல உட்கார்ந்துட்டா. ஒரு பொட்டுச் சத்தம் இல்லாம அழறா.

இவர் திரும்பிப் பார்க்காம நடந்தார். கோவிச்சுக்கிட்டுப் போறார்னு நினைச்சேன். அரை மணியில பெயிண்ட் டப்பாவும், நீளக் கம்பு வச்ச உருளையும், ஒரு பிரஷ்ஷுமா வந்தார். எழுத்து அணைஞ்சப்போ எடுத்த அந்தப் பச்சைச் சுவர் போட்டோவைப் பெயிண்ட் கடையில காட்டி, அதே பாசிப்பச்சையைக் கலக்கி வாங்கியிருக்கார். நேரா மாடி ஏறினார். பின்னாடியே நானும் ஓடினேன்.

"ஐயா, நீங்க எதையும் நம்ப வேணாம். சும்மா பார்த்துக்கிட்டு இருங்க. பத்து நிமிஷம்."

பெரியவர் வழி விட்டார். சட்டையெல்லாம் சிவப்பு அடிக்க, இவர் சன்னல் வழியா வெளியே எக்கி, மழைத்தடுப்போட அடியில பிரஷ்ஷை ஒரு இழுப்பு இழுத்தார். அந்த இடத்துச் சிவப்பு செத்தது. பக்கத்துல இன்னொரு இழுப்பு. உள்ள கூரையில சிவப்பு வெளுத்துக்கிட்டே வந்துச்சு. மவுஸைப் பிடிச்சு என்னென்ன செய்வாரோ, அதையெல்லாம் நிஜச் சுவத்துல செஞ்சார். அப்புறம் உருளையைக் கீழே நீட்டி, எழுத்தைத் தொடாம, அதுக்குக் கொஞ்சம் மேல வரைக்கும் சுவத்தை அடிச்சார். உருளை போன பக்கமெல்லாம் சிவப்பு அணைஞ்சு காவியாச்சு. கையெல்லாம் பச்சை, முழங்கை சிராய்ச்சு ரத்தம். நான் அவர் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டேன், விழுந்து தொலைச்சா யார் பார்க்கிறது.

பெரியவர் போட்டோவையும் சுவத்தையும் மாத்தி மாத்திப் பார்த்தார். எழுத்தைச் சுத்திக் கீழே வெள்ளை மிச்சம் இருந்தது. அதுல பூக்கடை ஜெகஜ்ஜோதியா எரிஞ்சுது. மேல போகப் போக மங்கி, அவர் பேனாக் கோடு போட்ட இடத்துக்கு வந்து நின்னுது.

அவர் லென்ஸை மாட்டிக்கிட்டு, தலையை வெளியே நீட்டினார்.

"தண்ணிக் குழாயை விட்டுட்டியேப்பா"ன்னார். "அன்னைக்கும் அதைத்தான் விட்டே."

வெள்ளையடிச்ச குழாயில சன்னல் பக்கத்துல சிவப்பா ஒரு கோடு. இவர் சிரிச்சுக்கிட்டே பிரஷ்ஷை எடுத்து அதை அடைச்சார். பெரியவர் போட்டோவை நாலா மடிச்சுப் பையில வச்சுக்கிட்டார். "சரி, எரியட்டும். போய்ப் படுக்கணும், கிளம்புங்க."

கீழே இருந்து நாத்தனார் கத்தினா, "அண்ணா, என்னாச்சு?"

இவர் கிளம்பலை. சன்னல்ல பாதி உடம்பை வெளியே போட்டுக்கிட்டு, "இரும்மா, இன்னொரு தரம் பார்த்துடறேன்"னார். அந்த வார்த்தை கேட்டு எனக்கு எரிச்சல் வராத நாள் அது ஒண்ணுதான்.