மட்டுப்பாவில் அப்பா நிறுத்திய தண்ணீர்

புது வீட்டுக்குக் கான்கிரீட் போட்ட மறுநாள் காலையிலேயே அப்பா மட்டுப்பாவில் ஏறிவிட்டார். மொட்டை மாடியை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். புதுக்கடை சந்தையில் ஆயுள் முழுக்க வாழைக்குலை வியாபாரம் செய்தவர். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற மாதிரியே, சிமெண்டுக் கலவையால் சின்ன வரம்புகள் கட்டி, தளத்தைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, ஓஸ் வைத்து நிரப்பினார். தண்ணீர் நிற்காத சன்ஷேடு சரிவில் சாக்கை விரித்து நனைத்துப் போட்டார். பங்குனி வெயிலுக்குச் சாயங்காலத்துக்குள் பாதி வற்றிவிடும். மறுபடியும் ஏறுவார்.

பக்கத்து வீட்டு அக்கா கீழே நின்று கேலி செய்வாள். “மாமா, மேல மீன் வளக்கியளா?”

“வளந்தா ஒனக்கும் ஒரு கறிக்குத் தாறேன்.”

அவருக்கு இளைப்பு நோய். ஏணியில் ஏறி இறங்கினால் நெஞ்சு விசில் அடிக்கும். பச்சைத் தண்ணீரே ஆகாது. அம்மா சூடாக்கிக் கொடுத்தால்தான் குளிப்பார். திருவட்டாற்றில் என்னைக் கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து வந்தபோது நான் சத்தம் போட்டேன். “கூலிக்கு ஆளு இல்லியா? இதுக்கு நீங்கதான் ஏறணுமா?”

“கான்கிரீட்டு காஞ்சுதான் உறுதியாவுதுன்னு நெனச்சியா மக்கா? ஈரத்துலதான் அது உறையும். இப்ப தண்ணி குடிக்காம விட்டா, பொறவு மழையத்தான் குடிக்கும்” என்றார். கொத்தனார் சொன்னதைத் தன் பாணியில் சொல்லி, தானே சிரித்தும்கொண்டார்.

பழைய ஓட்டு வீடு அம்மாவை மழைக்காலம் முழுக்கப் பாத்திரமும் கையுமாக ஓட வைத்தது. சொட்டாத ஒரு கூரையின் கீழே அவளைத் தூங்க வைக்க வேண்டும் என்பதுதான் அப்பாவின் ஒரே ஆசை. பழைய வீட்டை இடித்துவிட்டு, பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டு இருவரும் அதில் இருந்தார்கள்.

கான்கிரீட் போட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. விடியற்காலையில் பாத்திகளைத் தளும்பத் தளும்ப நிரப்பிவிட்டு இறங்கி வந்தவர், சுக்குக்காப்பி கேட்டுவிட்டு உட்கார்ந்தார். காப்பி வருவதற்குள் போய்விட்டார்.

கொட்டகைக்குள் இடம் இல்லாததால் புது வீட்டுச் சுவரை ஒட்டிப் பந்தல் போட்டு, ஐஸ் பெட்டியில் கிடத்தினார்கள். மேலே ஓரத்து வரம்பு எங்கோ கசிந்திருக்கிறது. சன்ஷேடு வழியாக வழிந்த தண்ணீர் தார்ப்பாயின் இடுக்கில் இறங்கி, பெட்டியின் கண்ணாடியில், சரியாக அவர் முகத்துக்கு நேரே சொட்டியது.

அதுவரை அழாமல் இருந்த அம்மா எழுந்து முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்கச் சொட்டியது. “அவருக்க மேல பச்சத்தண்ணி விழுது. அவருக்கு ஆவாதுல்லா. ஆராவது நிறுத்துங்கோ” என்று கத்தினாள். சித்தப்பா மண்வெட்டியோடு மேலே ஓடினார். வரம்புகளை வெட்டிவிட்டார். அப்பா காலையில் நிறுத்திய தண்ணீர் அத்தனையும் பின்பக்கமாகக் கொட்டியது. சாக்குகளையும் உருவிக் கீழே எறிந்தார்கள்.

துட்டி வீட்டில் கருமாதி அடியந்திரம் முடியும்வரை வேலை எதுவும் செய்யக்கூடாது என்பது எங்கள் பக்கத்து மரியாதை. கொத்தனார் அடக்கத்துக்கு வந்து ஒரு மாலை போட்டுவிட்டு, கருவிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு போனார். மோட்டார் போடக்கூட யாருக்கும் கை வரவில்லை. மேலே வெயிலும் காற்றும் தங்கள் வேலையைப் பார்த்தன. அடியந்திரம் முடிந்து ஏறிப் பார்த்தபோது தளம் வெளுத்துக் கிடந்தது. மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. கொத்தனார் திரும்பவும் வரம்பு கட்டித் தண்ணீர் நிறுத்தினார். “இனி நிறுத்தியும் பெரிய காரியம் இல்ல. உறைய வேண்டிய நேரத்துல காஞ்சு போச்சு” என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

வீட்டை முடித்து அம்மா குடி புகுந்த பிறகு, ஆனி மழையில் அவள் அறையின் உத்திரத்தை ஒட்டி ஈரம் படர்ந்தது. அப்புறம் சொட்டியது. வெடிப்பைக் கொத்தி மருந்து வைத்து அடைத்தோம். நாலு தூறலுக்குத் தாங்கியது, பெருமழைக்குத் திறந்துகொண்டது. வந்து போகிற சொந்தக்காரர்கள் அண்ணாந்து பார்த்து, “அப்பமே கொஞ்சம் தண்ணி விட்டிருக்கலாம்லா” என்பார்கள். அன்றைக்குப் பந்தலில் உட்கார்ந்து கட்டன் சாயா குடித்தவர்கள்தான். எனக்கு வாயில் வருவதை அம்மா கண்ணாலேயே அடக்குவாள்.

போன மழைக்கு நான் போயிருந்தேன். அம்மா கட்டிலில் படுத்திருக்க, கால்மாட்டில் போர்வை நனைந்திருந்தது. “கட்டிலை நகத்தட்டா? இல்லேன்னா என்கூட வா” என்றேன். அவள் அசையவில்லை.

“அண்ணைக்கு அவருக்க மேல விழாம நான்தான் நிறுத்தச் சொன்னேன். அதுதான் இப்ப எனக்க மேல விழுது. விழட்டும் மக்கா.”

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அடுக்களையில் போய் ஒரு சருவப் பாத்திரத்தை எடுத்து வந்து அவள் கால்மாட்டில் வைத்தேன்.