டாக்டரம்மா கேட்ட வயிற்றெரிச்சல்

எனக்கும் என் ஓர்ப்படிக்கும் ஒரு சுவர்தான் நடுவில். தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசையில் அவள் காம்பராவும் என் காம்பராவும் ஒட்டியிருக்கின்றன. அவள் என் புருஷனின் அண்ணன் பெண்டாட்டி. இரண்டு பேருக்கும் பிரஷர். ஆனால் நான் மாதாமாதம் டவுன் ஆஸ்பத்திரி கிளினிக்கில் வரிசையில் நின்று, பொட்டலத்தில் மாத்திரை வாங்கி வருவேன். அவளுக்கு மகன் கொழும்பிலிருந்து பளபளக்கும் அட்டையில் மாத்திரை அனுப்புவான். அதை ஜன்னலில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரிதான் வைத்திருப்பாள். அப்படித்தான் எனக்குத் தோன்றியது.

ஒருநாள் லயத்துக்குப் பின்னால் சாம்பல் கொட்டப் போனபோது, அவள் வீட்டுக் குப்பையில் அந்த அட்டை கிடந்தது. உள்ளே நான்கு மாத்திரை அப்படியே இருந்தது. பாருங்களேன் திமிரை! அப்போதுதான் மகன் அவளைக் கொழும்புக்குக் கூட்டிப்போய் வேறு பெரிய டாக்டரிடம் காட்டி, புது மாத்திரை வாங்கிக் கொடுத்திருந்தான். அதற்காகப் பழையதைக் குப்பையில் வீசுவதா? அட்டையைத் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். அந்த வாரமே ஹட்டனுக்குப் போய் ஒரு மருந்துக்கடையில் நீட்டி, "இதே மாதிரி குடுங்க" என்றேன். சீட்டு எங்கே என்று யாரும் கேட்கவில்லை. கிளினிக் மாத்திரையை பிஸ்கட் டின்னுக்குள் போட்டு மூடிவிட்டு, கொழும்பு மாத்திரையை விழுங்க ஆரம்பித்தேன். சொன்னால் வெட்கம்தான், விழுங்கும்போது கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

மூன்றாவது வாரம் இருமல் தொடங்கியது. சளி இல்லை, காய்ச்சல் இல்லை. தொண்டைக்குள் யாரோ கோழியிறகை விட்டுக் கிண்டுவதுபோல ஒரு நமைச்சல், அப்புறம் விடாத இருமல். தோட்டத்து டிஸ்பென்சரியில் பாணி மருந்து இரண்டு போத்தல் குடித்தும் நிற்கவில்லை. எட்டு வாரம் தாண்டியது.

எனக்கு வேலை புள்ளக்காம்பராவில். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு முன்னால் கைக்குழந்தைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். பதினாலு வருஷமாக நான்தான் ஆயா. இருமுகிற ஆயாவின் மடியில் எந்தத் தாய் பிள்ளையை விடுவாள்? டி.பி.யாக இருக்கும் என்று தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் பேச்சு. தோட்டத்துத் துரை கூப்பிட்டு, "இருமல் நிக்கிற வரைக்கும் வரவேணாம். டாக்டர் கடுதாசியோட வாங்க" என்றார். எனக்குப் பதிலாக யாரைப் போட்டார் தெரியுமா? அவளைத்தான்! என் ஓர்ப்படியை.

நான் டவுன் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அங்கே ஒரு சிங்கள டாக்டரம்மா, சின்ன வயசு, தமிழை முயன்று பேசுகிறவர். இரத்தம் வருதா, மெலிஞ்சு போனீங்களா, ராவில் வேர்க்குதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு கிளினிக் கொப்பியைத் திறந்து, "பிரஷருக்கு இதுதானே குடிக்கிறீங்க? வேற ஒன்றும் இல்லையே?" என்றார்.

முதல் நாள் கேட்ட கேள்வி அது. குப்பையில் பொறுக்கிய மாத்திரை என்று எப்படிச் சொல்வது? "அதேதாங்க" என்றேன்.

நெஞ்சுப் படம் எடுத்தார்கள், சளியைச் சோதிக்கக் கொடுத்தேன். டி.பி. இல்லை. அதைக் கேட்டதுமே வேலைக்குப் போய்விடலாம் என்று நினைத்தேன். இருமல் நிற்காமல் கடுதாசி இல்லை என்றுவிட்டார். மூக்கிலிருந்து நீர் தொண்டைக்குள் இறங்கினாலும் இப்படி இருமும் என்று மாத்திரையும் மூக்குக்குள் அடிக்கும் மருந்தும் தந்தார். மூன்று வாரம். தூக்கம் வந்ததே தவிர இருமல் போகவில்லை. அப்புறம் ஒரு குழாயில் மூச்சை ஊதச் சொன்னார், மருந்தை இழுக்க வைத்து மறுபடியும் ஊதச் சொன்னார். இரண்டு தடவையும் நன்றாகத்தான் ஊதினேன். சில பேருக்கு இருமல் மட்டுமே ஆஸ்துமாவாக இருக்கும் என்று இழுக்கிற மருந்து கொடுத்துப் பார்த்தார். அதிலும் ஒன்றும் நடக்கவில்லை.

அடுத்த முறை போனபோது பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டார்: "அம்மா, வயித்தெரிச்சல் இருக்குதா?"

எனக்கு முகம் சிவந்துவிட்டது. இவருக்கு யார் சொன்னது? அன்று காலைதான் புள்ளக்காம்பரா வழியாக வந்திருந்தேன். என் தோளில் தவிர வேறெங்கும் தூங்காத இரண்டு வயசுப் பிள்ளை, அவள் தோளில் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தது.

"ஆமாங்க" என்றேன். "நெறைய இருக்கு."

"எப்ப கூட?"

"பக்கத்து வீட்டைப் பாக்கிறப்பங்க."

டாக்டரம்மா புரியாமல் என்னையே பார்த்தார். பக்கத்திலிருந்த நர்ஸ் மிஸ்ஸிதான் தமிழ் ஆள், வாயைப் பொத்திச் சிரித்து, "டாக்டர் கேக்கிறது நெஞ்செரிவும்மா! புளிச்சதண்ணி மேல வருதான்னு!" என்றார். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம்போல இருந்தது. வெட்கத்தில் அதற்கும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். அதனால் வெறும் வயிற்றில் விழுங்க ஒரு மாத்திரை, படுக்கும் முன் சாப்பாடு கூடாது, தேத்தண்ணியைக் குறை, தலைமாட்டை உயர்த்து. இல்லாத நெஞ்செரிவுக்கு நாலு வாரம் வைத்தியம் பார்த்தேன். இருமல் அப்படியே இருந்தது.

"நீங்க விழுங்குற எல்லாத்தையும் ஒரு பையில போட்டுக் கொண்டாங்க" என்றார் டாக்டரம்மா. "கசாயம், பச்சிலை, கடையில வாங்கினது, எல்லாம்."

அந்த அட்டையை மட்டும் பையில் போடவில்லை. மறுநாள் போகலாம் என்று பையைக் கட்டி வைத்திருந்தபோது துரை ஆள் அனுப்பினார்: வருகிற மாதத்திலிருந்து என் ஓர்ப்படியையே நிரந்தரமாகப் போடப்போகிறார்களாம். பொறாமை வெட்கத்தை விழுங்கிவிட்டது. அட்டையை எடுத்துப் பையில் போட்டேன்.

டாக்டரம்மா எல்லாவற்றையும் மேசையில் கொட்டி, அந்த அட்டையைத் தனியாக எடுத்தார்.

"இது யாருக்கு?"

"எனக்குத்தாங்க."

"எப்ப இருந்து?"

"இருமலுக்கு ரெண்டு மூணு வாரம் முந்தி இருந்து."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அம்மா, இது எனலாப்ரில். நல்ல மருந்துதான். ஆனா சில ஆளுக்கு இப்படி வறட்டு இருமல் தரும். முதல் நாளே கேட்டேனே!" கோபமும் சிரிப்பும் அவர் முகத்தில் ஒன்றாக வந்தன. அன்றைக்கே அதை நிறுத்தி, கிளினிக் மாத்திரைக்கே திரும்பச் சொன்னார். பிரஷரைப் பார்க்க வாராவாரம் வரவேண்டும், இருமல் உடனே போகாது, ஒரு மாதமாகலாம், அதற்கு மேலும் ஆகலாம் என்றார். இனிமேல் அடுத்தவர் மாத்திரையைத் தொடமாட்டேன் என்று சொல்ல வைத்தார்.

வீட்டுக்கு வந்தபோது பை கிழிந்து, அட்டை வாசலில் விழுந்தது. ஓர்ப்படிதான் எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏண்டி, இந்த எழவையா குடிச்ச?"

கிழிந்த பையை முந்தானைக்குள் மறைத்தேன்.

"இத குடிச்சு இருமி இருமி, சீலையிலயே மூத்திரம் போயிருச்சுடி எனக்கு. வெக்கத்துல யாருக்கும் சொல்லல. கொழும்பு டாக்டர் மாத்திக் குடுத்ததும் குப்பையில வீசினேன். என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?"

அவள் இருமியது எனக்கும் கேட்டிருந்தது, ஒரே சுவர்தானே. கொழும்பு மகன் வந்து தாங்கட்டும் என்று நடிக்கிறாள் என்றுதான் அப்போது நினைத்தேன்.

துரையிடம் அவளே போய், "அவளுக்கு ஒண்ணுமில்லங்க, அவ வந்ததும் நான் வெலகிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள். ஐந்தாவது வாரம் இருமல் நின்றது. கடுதாசியோடு புள்ளக்காம்பராவுக்குப் போனேன். அந்த இரண்டு வயசுப் பிள்ளையை வாரித் தோளில் போட்டேன். அது தலையைத் தூக்கி, என்னைத் தாண்டி வாசலைப் பார்த்துக் கேட்டது:

"அந்த ஆயா எங்க?"

டாக்டரம்மா இப்போது கேட்டால் மறைக்கமாட்டேன். இருமல் இல்லைங்க. வயித்தெரிச்சல் இருக்கு.