பதினான்காவது தோல்வி

வரிசையாகப் பதினோராவது ட்ரேடும் நஷ்டத்தில் முடிந்த வாரத்தின் ஞாயிற்றுக்கிழமை, நான் கோயிலுக்கு லேப்டாப் எடுத்துக்கொண்டு போனேன். நாங்கள் குடியேறிய வெளிநாட்டு நகரத்தில் உள்ள கேரம் டவுன்ஸ் கோயிலில் சாமி கும்பிட்டுவிட்டு, சாப்பாட்டுக் கூடத்தில் மகளுக்கு மசால் தோசை வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துவிட்டு, நான் லேப்டாப்பைத் திறந்தேன். பக்கத்து மேசைக்காரர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். எனக்கு அப்போது வெட்கமெல்லாம் தீர்ந்து போயிருந்தது.

நான் சாஃப்ட்வேர் டெஸ்டராக இருந்தவள். அடுத்தவர் எழுதிய ப்ரோகிராமில் குறை கண்டுபிடிப்பதுதான் பதினான்கு வருஷம் என் பிழைப்பு. ஆட்குறைப்பில் வேலை போனது. கையில் கொடுத்து அனுப்பிய தொகையோடு கரன்சி ட்ரேடிங்கில் இறங்கினேன். என் கணவர் ரயில்வே சிக்னல் இன்ஜினியர், எதற்கும் ஒரு எல்லை கேட்பவர். ஒரு வருஷம் முயற்சி செய், சரியாக வரவில்லையென்றால் வேலை தேடு என்றார். எனக்கோ திரும்பவும் இன்டர்வியூவில் போய் உட்கார்ந்து, என்னைவிடப் பதினைந்து வயது குறைந்த ஒருவரிடம் என்னைப் பற்றிச் சொல்ல மனமில்லை. இந்த ஒன்றாவது எனக்கென்று நிலைக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன்.

கண்ணை மூடிக்கொண்டு இறங்கவில்லை. எட்டு மாதம் உட்கார்ந்து பழைய விலைகளில் சோதித்துப் பார்த்த வழிமுறை அது. தினமும் காலையில் நியூயார்க் சந்தை முடிந்ததும், மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து பார்ப்பேன். விலை ஒரு குறிப்பிட்ட எல்லையைத் தாண்டியிருந்தால் ஆர்டர் போடுவேன். ஒரு சமயத்தில் ஒரு ட்ரேட்தான். பத்தில் நான்கு ஜெயிக்கும், ஆறு தோற்கும். தோற்றால் பணயமாக வைத்த ஒரு பங்கு போகும், ஜெயித்தால் இரண்டு பங்கு வரும். ஆக, பத்து ட்ரேடில் எட்டுப் பங்கு உள்ளே, ஆறு பங்கு வெளியே. தோல்விதான் அதிகம், ஆனாலும் லாபம். இதைக் கணவருக்குப் புரியவைக்க எனக்கு ஒரு வாரம் ஆனது.

புரிந்ததும் அவர் கேட்ட கேள்விதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். "சரி, அந்த ஆறும் வரிசையா வந்தா? அதுக்கப்புறம் இன்னொரு ஆறும் வந்தா? அதிகபட்சம் எத்தனை வரிசையா தோக்கும்?"

நல்ல கேள்வி. பதில் சொல்ல ஒரு ப்ரோகிராம் எழுதினேன். ஒரு பானையில் பத்துச் சீட்டு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நான்கில் ஜெயம், ஆறில் தோல்வி. குலுக்கி ஒன்றை எடுத்து, எழுதிக்கொண்டு, திரும்பப் போட்டுவிட வேண்டும். இப்படி நூறு முறை எடுத்தால் எனக்கு ஒரு வருஷத்து ட்ரேட். அந்த நூறில் இடைவிடாமல் வந்த மிக நீளமான தோல்வி எத்தனை என்று குறித்துக்கொள்ள வேண்டும். கம்ப்யூட்டர் இந்த மாதிரி ஐம்பது கற்பனை வருஷங்களை ஒரு நொடியில் வாழ்ந்து முடித்துவிடும். பெரும்பாலான வருஷங்களில் ஏழு, எட்டு, ஒன்பது என்று வந்தது. ஐம்பதிலும் மோசமான வருஷத்தில் பதின்மூன்று.

மறுநாள் திரும்ப ஓட்டினேன். பதின்மூன்று. ஒரு வாரம் கழித்து ஓட்டினேன். அதே பதின்மூன்று. எத்தனை தடவை ஓட்டினாலும் அதற்கு மேல் போகவேயில்லை. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கணவரிடம் போய், "ஆயிரக்கணக்கான வருஷம் ஓட்டிப் பார்த்துட்டேன். பதிமூணுக்கு மேல போகாது" என்றேன். அவர் உடனே, "அப்ப பதினாலு வந்தா வழிமுறை கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். நிறுத்திடணும்" என்றார். ஒத்துக்கொண்டேன். ஒவ்வொரு ட்ரேடிலும் கணக்கில் இருப்பதில் நூற்றுக்கு இரண்டு மட்டும் பணயம் என்று வைத்ததும் அந்தப் பதின்மூன்றை நம்பித்தான்.

முதல் நான்கு மாதம் நன்றாகவே போனது. அதற்குப் பிறகு அடி விழ ஆரம்பித்தது. ஐந்து தோல்வி வரைக்கும் எனக்குச் சிரிப்புத்தான். எட்டில் சாப்பாடு இறங்கவில்லை. ஒன்பதில் மகள் கணக்குப் பாடம் கேட்க வந்தபோது எரிந்து விழுந்தேன். அவள் "ஓகே மம்மி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள், அது அழுகையைவிட மோசமாக இருந்தது. பத்து வந்தபோது தினமும் காலையில் ஆர்டர் போடும் முன் அந்த ப்ரோகிராமை ஒரு தடவை ஓட்டிப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. பதின்மூன்று என்று வரும். மனசு கொஞ்சம் அடங்கும். இன்னும் மூன்று பாக்கி இருக்கிறது என்று சொல்லிக்கொள்வேன்.

கோயிலில் அன்றைக்கு அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். என்னைப் போலவே ட்ரேடிங் செய்யும் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணன், சாப்பாட்டுத் தட்டோடு எதிரே வந்து உட்கார்ந்தார். எலக்ட்ரிஷியன் வேலை, காலையில் வேலைக்குப் போகும் முன் ஆர்டர் போடுகிறவர். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன தங்கச்சி, கோயிலுக்குள்ளயும் இதோ?" என்றார்.

விஷயத்தைச் சொன்னேன். பதின்மூன்றைப் பற்றியும் சொன்னேன். நிரூபித்துக் காட்டுகிறேன் என்று அவர் முன்னாலேயே மூன்று தடவை ஓட்டினேன். மூன்று தடவையும் பதின்மூன்று.

அவர் சாம்பாரில் தோய்த்த தோசையைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தார். "ஓம், வடிவாத்தான் இருக்கு. ஆனா குலுக்கிப் போட்டு எடுக்கிறது எண்டு சொல்றீங்கள். குலுக்கினா ஒருக்கா பன்னிரண்டு, ஒருக்கா பதினாறு எண்டு மாறி மாறியெல்லோ வரவேணும். ஏன் மாறாமல் நிக்குது?"

ப்ரோகிராமை மேலே இழுத்தேன். மூன்றாவது வரியிலேயே இருந்தது. கம்ப்யூட்டர் குலுக்குவது உண்மையான குலுக்கல் இல்லை. ஒரு தொடக்க எண்ணிலிருந்து கணக்குப் போட்டு அடுத்தடுத்த எண்களைக் கொடுக்கும். அந்தத் தொடக்க எண்ணை நாமே கட்டிப்போட்டுவிட்டால் ஒவ்வொரு முறையும் அதே சீட்டுகள் அதே வரிசையில்தான் வரும். டெஸ்டர்கள் வேண்டுமென்றே அப்படிச் செய்வோம். ஒரு தடவை வந்த பிழை மறு தடவையும் அப்படியே வந்தால்தான் அதைப் பிடிக்க முடியும். பதினான்கு வருஷப் பழக்கத்தில் கை தானாக அந்த வரியை எழுதியிருக்கிறது. ஆயிரக்கணக்கான வருஷம் என்று நான் பெருமையடித்தது அத்தனையும் ஒரே ஐம்பது வருஷம்தான், திரும்பத் திரும்ப.

அந்த வரியை அங்கேயே அழித்துவிட்டு ஓட்டினேன். பதினைந்து. மறுபடி ஓட்டினேன். பதினெட்டு. அடுத்து பதினான்கு. அண்ணன் தட்டை எடுத்துக்கொண்டார். "போட்டு வாறன் தங்கச்சி, யோசிக்காதேங்கோ" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து பத்தாயிரம் வருஷம் ஓட்டினேன். நூறு வருஷத்துக்குக் கிட்டத்தட்ட மூன்று வருஷத்தில் பதினான்கோ அதற்கு மேலோ வரிசையாகத் தோற்றது. பத்தாயிரத்திலும் மோசமானது இருபத்து நான்கு. வழிமுறையில் ஒரு குறையும் இல்லாமலே இருபத்து நான்கு.

இதைக் கணவரிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று எனக்கு நன்றாகவே தெரியும். பதின்மூன்று தப்பு என்று தெரிந்தால் அவர் அன்றைக்கே கடையைக் கட்டச் சொல்லியிருப்பார். பன்னிரண்டிலோ பதின்மூன்றிலோ ஒரு ஜெயம் வந்துவிட்டால் சொல்லவே வேண்டியிருக்காது என்று கணக்குப் போட்டேன். வாரத்துக்கு இரண்டு ட்ரேட். பன்னிரண்டு போனது. பதின்மூன்று போனது. பதினான்காவது, லாபத்துக்கு ஒரு மயிரிழை இருக்கும்போது திரும்பி, இரண்டே நாளில் அதுவும் போனது. கணக்கில் கால்வாசி காணவில்லை.

அவர் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். சனிக்கிழமை காலை, மகளை நீச்சல் வகுப்பில் விட்டுவிட்டு வந்து, காபியை என் முன்னால் வைத்தார். "பதினாலு" என்றார்.

அப்போதுதான் எல்லாவற்றையும் கொட்டினேன். தொடக்க எண், கோயில், பத்தாயிரம் வருஷம், இருபத்து நான்கு. இரண்டு வாரமாக மறைத்ததையும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவர் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, வரி வரியாகப் படித்தார்.

"இப்ப ப்ரோகிராம் சரியா இருக்கு" என்றார்.

"அதான் சொல்றேன். பதினாலு வர்றது சகஜம். வழிமுறை கெட்டுப் போகல. இப்ப நிறுத்துனா, தோத்ததெல்லாம் வாங்கிக்கிட்டு ஜெயிக்கிறப்ப வெளிய நிப்போம்." என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. பிச்சை கேட்பது போல இருந்தது.

"பானையில நாலு ஜெயிக்கிற சீட்டு இருக்குன்னு நீதான அதுக்குச் சொல்லிக் கொடுத்த? இன்னமும் நாலு இருக்குன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

அதற்குத் தெரியாது. பானையில் நான்கு இருந்தால் எவ்வளவு நேரம் தோற்கலாம் என்பதை மட்டும்தான் அது சொல்லும். பானையை யாரோ மாற்றிவிட்டார்களா என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை. இரண்டு மட்டுமே இருக்கிற பானையிலும் பதினான்கு தோல்வி இதே மாதிரிதான் வரும், இன்னும் சுலபமாகவே வரும். இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. தெரிந்தே அந்தப் பக்கம் பார்க்காமல் இருந்தேன்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு," என்றார். "மொத்தம் எத்தனை வரிசையா தோத்தா, இது சரியில்லைன்னு நீ ஒத்துக்குவ?"

"இருபத்தஞ்சு" என்றேன். யோசிக்கவேயில்லை, பட்டென்று வந்துவிட்டது.

இருபத்தைந்து தோற்றால் கணக்கில் நாற்பது சதவீதம் போய்விடும். அதைச் சொல்லிவிட்டு நானே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இருபத்தைந்து வந்தால் என்ன செய்வேன் என்றும் எனக்குத் தெரிந்தது. பத்தாயிரத்துக்குப் பதில் பத்து லட்சம் வருஷம் ஓட்டுவேன். அதில் முப்பதுக்குப் பக்கத்தில் ஒன்று கட்டாயம் வரும். நான் கேட்ட அளவுக்குப் பெரிய எண்ணை அது கொடுத்துக்கொண்டே இருக்கும், நானும் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போய்க்கொண்டே இருப்பேன். அவர் காபியை என் பக்கம் நகர்த்தி வைத்தார். நான் அழுதேன். அவர் முன்னால் அப்படி அழுதது கல்யாணமான இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

கணக்கை மூடும் படிவத்தை அவரையே நிரப்பச் சொன்னேன், என்னால் முடியவில்லை. இப்போது கிளேட்டனில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறேன். இன்டர்வியூ எடுத்தவள் என்னைவிட இருபது வயது சின்னவள், மரியாதையாகத்தான் நடத்தினாள்.

நான் போடாமல் விட்ட பதினைந்தாவது ட்ரேட் ஜெயித்ததா தோற்றதா என்று பார்ப்பது இரண்டு நிமிட வேலை. விலைகள் எங்கும் போய்விடவில்லை. ரயிலில் தினமும் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு ட்ரேட் எதையும் நிரூபிக்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஜெயித்திருந்தால் நான் திரும்பப் போய்விடுவேன் என்பதும் தெரியும், அதனால் இதுவரை பார்க்கவில்லை.