இரண்டு டிக்

மனைவியின் முதல் தெவசத்துக்குத் தங்கை வரவில்லை. அவள் இருக்கும் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து மைசூருக்கு என்ன பெரிய தூரம்? ஒரு வாரம் முன்பே வாட்ஸாப்பில் எழுதியிருந்தேன். சமைத்த சாப்பாட்டை மூன்று வீட்டுக்குக் கொடுத்தும் மிஞ்சியது.

ஃபோன் போட்டுக் கேட்கலாம்தான். அண்ணன்காரன் கெஞ்சுவதா என்று வீம்பு. பிளாக் பண்ணிவிட்டாள் என்று நானே முடிவுகட்டினேன். மாடி வீட்டில் கல்லூரிக்குப் போகும் பெண்ணிடம் ஃபோனைக் காட்டினேன்.

"பிளாக் இல்ல அங்கிள். பிளாக் பண்ணியிருந்தா ஒரே டிக்தான் நிக்கும், அவங்க போட்டோவும் தெரியாது. இங்க ரெண்டு டிக் இருக்கு. மெசேஜ் போய்ச் சேந்திருக்கு, திறந்து பாக்கலைன்னு தோணுது. மியூட்ல போட்டிருக்கலாம், சத்தம் வராது. இல்ல ஆர்க்கைவ்ல ஒதுக்கியிருக்கலாம். அது ரெண்டும் நமக்குத் தெரியவே தெரியாது."

பிளாக்கே தேவலை என்று பட்டது. கோபமாவது மிச்சம் இருக்கிறதென்று அர்த்தம்.

மறுநாள் பஸ் ஏறினேன். "வாங்கண்ணா, சொல்லாம கொள்ளாம வந்திருக்கீங்க!" என்று தண்ணீர் கொடுத்தாள். சிரித்த முகத்தில் எந்தப் பகையும் இல்லை. தெவசத்தைச் சொன்னதும் முகம் வெளுத்துவிட்டது.

"எனக்கு எதுவுமே வரலீங்கண்ணா!"

ஃபோனை எடுத்துத் தேடினாள். பட்டியலில் நான் இல்லை. மேலே ஆர்க்கைவ் என்ற வரியைத் தொட்டதும் இருந்தேன், பள்ளிக்கூடப் பெற்றோர் குழுவுக்கும் ஒரு சேலைக் கடைக்கும் நடுவில்.

"தெனமும் விடிஞ்சும் விடியாம சாமி படமா வருதுங்களா, அவரு தூக்கம் கெடுதுன்னு பையன்தான் இப்படி வெச்சுக் குடுத்தான். நாளாக மறந்தே போயிட்டேன்."

ஆமாம், தினமும் அனுப்புவேன். மனைவி போன பிறகு காலையில் எழுந்ததும் பேச வேறு யாரும் இல்லை. பூப்போட்ட பிள்ளையார்களுக்கும் முருகர்களுக்கும் நடுவே தெவசச் செய்தி மாட்டிக்கொண்டிருந்தது. அவள் படிக்கப் படிக்க, என் ஃபோனில் டிக்குகள் நீலமாயின. தங்கை அழுதாள்.

"ஒரு ஃபோன் பண்ணியிருந்தா ஓடி வந்திருப்பேனே. அது எப்பவும் அடிக்கும்ல?"

அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டு ஃபோனை மூடி வைத்துவிட்டு ஓடினாள். ஆர்க்கைவிலிருந்து என்னை வெளியே எடுக்கவில்லை, பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எடு என்று சொல்ல வாய் வரவில்லை.

வீடு திரும்பியதிலிருந்து படம் அனுப்புவதை நிறுத்திவிட்டேன். ஏண்ணா படமே காணோம் என்று கேட்பாள் என்று பார்த்தேன். பல நாளாகிவிட்டது. அந்தப் பெட்டிக்குள் நான் பேசினாலும் சத்தமில்லை, பேசாவிட்டாலும் சத்தமில்லை. கூப்பிட்டால் அவள் ஃபோன் அடிக்கும். என் ஃபோனும் அடிக்கும்தானே.