இருபது டீச்சரும் தலைகீழ் விடைகளும்

மூன்றாம் வகுப்புக் கணக்கு டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ‘இருபது’. அவர் தரும் தாளில் எப்போதும் இருபது கணக்குகள் இருக்கும். முடித்தவர்களுக்குப் பரிசாக இன்னொரு தாள், அதிலும் இருபது. இருபத்திரண்டு வருடங்களாக இதுதான் நடக்கிறது. பள்ளி அலுவலகத்தில் தட்டச்சும் ஜெராக்ஸும் பார்க்கும் எனக்கு இந்தத் தாள்களை அச்சடித்தே பாதி ஆயுள் போனது. டீச்சர் கோபக்காரர், ஆனால் மனசு தங்கம். அதை அவரிடம் சொல்ல மட்டும் எனக்குத் தைரியம் கிடையாது.

அந்த வகுப்பில் எட்டு வயதுச் சுட்டி ஒருத்தி இருந்தாள். ஜூன் மாதம் நாலே நிமிடத்தில் தாளை முடித்துவிட்டு இன்னொன்று வாங்க என்னிடம் ஓடி வருவாள். அக்டோபரில் அவள் மதிப்பெண் இருபதுக்கு எட்டு. மறுநாளும் எட்டு. அதற்கடுத்த நாளும் எட்டேதான்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் டீச்சர் புயலாக உள்ளே வந்தார். கணக்கில் பின்தங்கியவர்களுக்கான மாலை வகுப்பில் அவளைச் சேர்க்க வேண்டுமாம். நாலு மணிக்குள் படிவம் தலைமையாசிரியை மேஜைக்குப் போக வேண்டும். போனால் வருடம் முடியும்வரை தினமும் ஒரு மணி நேரம், அவளுக்கு அதே கூட்டல்தான்.

“தப்புகளைச் சொல்றேன், படிவத்துல டைப் அடி. சரியான விடை எண்பத்து மூணு, அவ எழுதினது முப்பத்தெட்டு. அம்பத்திரண்டு, எழுதினது இருபத்தஞ்சு. எழுபத்தொண்ணு, பதினேழு. அறுபத்துநாலு...” டீச்சர் நிறுத்தினார்.

“நாப்பத்தாறா டீச்சர்?” என்றேன்.

அவர் தாளை மேலிருந்து கீழாக மறுபடி பார்த்தார். பன்னிரண்டு தப்பும் விடையைத் திருப்பிப் போட்டவை. திருப்பிப் போட வேண்டுமென்றால் முதலில் விடை தெரிந்திருக்க வேண்டுமே!

சுட்டியை வரவழைத்தோம். அவள் கொஞ்சமும் அசரவில்லை.

“எல்லாம் சரியாப் போட்டா இன்னொரு தாள் தருவீங்க. எல்லாம் தப்பாப் போட்டா அம்மாவைக் கூப்பிடுவீங்க. அதான் எட்டு.”

நான் ஜெராக்ஸ் இயந்திரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சிரித்தேன். டீச்சர் சிரிக்கவில்லை. அவருக்கு வலித்தது. எனக்கும் அப்புறம் வலித்தது, அந்தத் தாள்களை எல்லாம் அச்சடித்தது நான்தானே.

டீச்சர் தாளை அவளிடம் நீட்டினார். “சரியான விடையிலேர்ந்து நீ எழுதின தப்பைக் கழிச்சுப் பாரு.”

அவள் எழுதினாள். நாற்பத்தைந்து, இருபத்தேழு, ஐம்பத்து நாலு, பதினெட்டு. “ஐ! எல்லாம் ஒன்பதாம் வாய்ப்பாடு!”

டீச்சரின் கை பழக்கதோஷத்தில் அடுத்த தாள்கட்டுக்குப் போனது. பாதி வழியில் அதை அவரே பிடித்து நிறுத்திக்கொண்டார்.

“சரி. ஏன்?”

“எப்பவும் அப்படித்தான் வரும்.”

“எப்பவும்னு உனக்கு எப்படித் தெரியும்? எல்லாத்தையும் போட்டுப் பாத்தியா? ஏன்னு சொல்லு.”

சுட்டி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பத்து நிமிடம் ஆனது, இருபது ஆனது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டு, “தெரியல” என்றாள். இந்தச் சொல்லை அவள் வாயில் நான் கேட்டதே இல்லை.

“பரவாயில்ல, யோசி. நானும் உக்காந்திருக்கேன்.”

நான் டீச்சர் காதில், “உங்களுக்குத் தெரியுமா?” என்று கிசுகிசுத்தேன். “பேசாம வேலையைப் பாரு” என்றார்.

சுட்டி என் பேப்பர் கிளிப் டப்பாவை இழுத்தாள். பத்துப் பத்தாகக் கோத்து எட்டுச் சங்கிலி, பக்கத்தில் மூன்று உதிரி: எண்பத்து மூன்று. தலைமையாசிரியை படிவத்துக்காக வாசலில் வந்து நின்றபோது அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு சங்கிலியிலிருந்து ஒன்பதைக் கழற்றினாள்.

“பத்து இருந்த இடத்துல ஒண்ணு. ஒன்பது போச்சு!” எட்டுச் சங்கிலியையும் அப்படியே பிரித்தாள். பிறகு மூன்று உதிரியில் ஒவ்வொன்றோடும் ஒன்பதைக் கோத்துப் பத்தாக்கினாள். இப்போது மூன்று சங்கிலி, எட்டு உதிரி: முப்பத்தெட்டு. “இங்க மூணு ஒன்பது திரும்பி வந்துடுச்சு. எட்டு போய் மூணு வந்தா, அஞ்சு ஒன்பது காணோம். நாப்பத்தஞ்சு! எந்த நம்பரா இருந்தாலும் ஒன்பது ஒன்பதாத்தான் போகும், வரும்!”

தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். “இவளுக்கா மாலை வகுப்பு?”

“தப்பு அவமேல இல்ல மேடம்” என்றார் டீச்சர். “தெரிஞ்சதையே திரும்பத் திரும்பப் போட வெச்சேன். அவ தப்பிச்சு ஓடினா.” படிவத்தை என் கையிலிருந்து பிடுங்கி இரண்டாகக் கிழித்தார்.

பிறகு சுட்டியிடம் திரும்பினார். “திங்கக்கிழமையிலேர்ந்து தாள்ல கஷ்டமான கடைசி அஞ்சை மட்டும் போடு. சரியா இருந்தா மீதியைத் தொடாதே. இந்த மாதிரி ஒரே ஒரு கேள்வி தர்றேன். மூணு இலக்க எண்ணைத் திருப்பினா என்ன ஆகும்னு பாக்கலாம்.”

சுட்டி கிளிப்பைக் கையில் உருட்டியபடி யோசித்தாள். பிறகு சந்தேகமாகக் கேட்டாள்.

“அப்போ டீச்சர், எனக்குத் தெரிஞ்சதை இனிமே தெரிஞ்ச மாதிரியே காட்டலாமா?”

“தாராளமாக் காட்டலாம்” என்று டீச்சர் தலையை ஆட்டினார்.