360-இல் மட்டும் மிச்சமிருந்த பெயர்

நானும் நண்பனும் பாட வீடியோ தளம் ஒன்று நடத்தினோம். வீடியோ ஸ்டோரேஜில் ஏறியதும் ட்ரிகர் என்ற சின்ன நிரல் டிரான்ஸ்கோடரைக் கிளப்பும். அது 720, 1080 என்று பல அளவில் மாற்றிப் போடும். சிடிஎன் என்ற விநியோக வலை அவற்றின் பிரதிகளைக் கேச்சில் வைத்துக்கொண்டு பார்ப்பவர்களுக்குக் கொடுக்கும்; கேச்சை அழிக்கும்வரை பழைய பிரதியே ஓடும். எல்லாம் உத்திரமேரூரில் என் வீட்டில் உட்கார்ந்து நான் எழுதியது. எங்கள் ஊரின் மோசமான சிக்னலுக்காக, சின்ன அளவான 360-ஐயும் பிறகு சேர்த்தேன். சென்னையில் ஆட்களிடம் பேசுவது அவன் வேலை. அறிமுக வீடியோவின் முடிவில் எங்கள் இருவர் பெயரும் வரும்.

ஒரு நாள் காலையில் போன் பண்ணினான்.

"மச்சான், அறிமுக வீடியோவை மாத்தி அதே பேர்ல ஏத்திட்டேன். 720, 1080 ரெண்டுக்கும் கேச்சை கிளியர் பண்ணிட்டேன். 360-ல பழசே ஓடிக்கினு கீது. அதோட பாதை எனக்குத் தெரியல. நீ கிளியர் பண்ணிடு."

எனக்கு எப்போதும் 360தான் வரும். அதில் இரண்டு பெயரும் அப்படியே இருந்தன. 1080-க்கு மாற்றினேன். வட்டம் சுற்றோ சுற்றென்று சுற்றிவிட்டு ஓடியது. முடிவில் அவன் பெயர் மட்டும்.

"இன்னாடா இது?"

"டிசைன் மாத்தினேன்டா. சீக்கிரம் பண்ணு, ஆளுங்க பாக்கப் போறாங்க."

படுபாவி, என் பெயரை அழிக்க எனக்கே போன் போட்டிருக்கிறான். அதுவும் மச்சான் என்று கூப்பிட்டு.